எழுபது வயதும் புதுப்பித்தல் நோட்டீசும்: காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவது எப்படி

களுவாஞ்சிகுடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’தான். 2025 ஜூன் மாதத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மருத்துவக் காப்புறுதி ஜூலை 1ஆம் திகதி புதுப்பிக்கப்பட வேண்டும். வரிக்கு முந்திய பிரீமியம் போன வருடம் 86,000 ரூபா. இந்த முறை 135,000. அதோடு, எந்தக் கிளைமிலும் 20 வீதத்தை அவரே கட்ட வேண்டும் என்று, கோ-பேமன்ட் என்ற பெயரில் புதிதாக ஒரு நிபந்தனை.

முகவரிடம் கேட்டாராம். “வயசு போனா எல்லாருக்கும் கூடத்தானே செய்யும், சேர்” என்பதுதான் பதில். “கூடட்டும் தம்பி, எதுக்கு எவ்வளவு கூடுது எண்டு எழுதித் தா” என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். முகவர் அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் பதில் போடவில்லை.

நான் ஒரு காப்புறுதிக் கிளை அலுவலகத்தில் பல வருடம் மேசையின் மறுபக்கம் இருந்தவன். முதியவர்களின் கடிதங்கள் நிறைய வரும். பெரும்பாலானவை “இத்தனை வருடம் கட்டினேனே, இந்த வயதில் இப்படிச் செய்யலாமா” என்று இருக்கும். அப்படிப்பட்ட கடிதத்துக்கு நிறுவனம் “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடும். வயதுக்கு ஏற்ப விலை வைப்பது காப்புறுதியில் வழக்கமானது. அதைப் பொதுவாகக் கேள்வி கேட்டால் வேறு பதில் வராது. மாஸ்டரின் கடிதம் நிறுவனத்தின் சொந்தப் பத்திரத்தில் உள்ள வசனத்தையும் நிறுவனம் அனுப்பிய கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கேட்டது. அதை எழுதிய விதத்தையே இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பத்திரம் எந்த வகை?

இலங்கையில் மருத்துவக் காப்புறுதி இரண்டு வழியாக விற்கப்படுகிறது. ஒன்று, ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய மேலதிக நன்மை. மற்றது, பொதுக் காப்புறுதி நிறுவனம் வருடத்துக்கு வருடம் தரும் தனிப் பத்திரம். 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் தொழிலையும் பொதுத் தொழிலையும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒரே பெயர் போலத் தெரிந்தாலும் நீங்கள் எழுத வேண்டிய நிறுவனம் வேறாக இருக்கலாம். பத்திரத்தின் முதல் பக்கத்தில் உள்ள முழுப் பெயரைப் பார்த்தே எழுதுங்கள்.

வகை ஏன் முக்கியம் என்றால், வருடாந்தப் பத்திரம் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புதிய ஒப்பந்தமாகிறது. நிறுவனம் புதிய நிபந்தனையோடு வரலாம். நீங்கள் ஏற்கலாம், விடலாம். ஆயுள் காப்புறுதியோடு ஒட்டியதில் பல வருடத்துக்கான கட்டண அட்டவணையே பத்திரத்தில் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் நடுவில் கூட்டுவதற்கு நிறுவனம் பத்திரத்திலேயே ஒரு வாசகத்தைக் காட்ட வேண்டும். மாஸ்டருடையது வருடாந்தப் பத்திரம். ஆகவே ‘கூட்டக்கூடாது’ என்று வாதாட அவருக்கு வழி இல்லை. ‘நீங்கள் எழுதிய விதிப்படி கூட்டினீர்களா’ என்று கேட்கத் தாராளமாக வழி இருந்தது.

கூடிய தொகையைப் பிரித்துப் பாருங்கள்

போன வருட நோட்டீஸ், இந்த வருட நோட்டீஸ், பத்திரப் புத்தகம், முதன்முதலில் நிரப்பிய விண்ணப்பப் படிவம். இந்த நான்கும் கையில் வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் பிரதி பலரிடம் இருக்காது. கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; பின்னால் உதவும்.

நோட்டீசில் வரிகளையும் பத்திரக் கட்டணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு அடிப்படைத் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டும். வரி சேர்த்த மொத்தத்தை ஒப்பிட்டால் எது நிறுவனத்தின் கூட்டல், எது அரசாங்கத்தின் கூட்டல் என்று தெரியாது.

மாஸ்டரின் நோட்டீசில் அடிப்படை 108,000 என்றும் ‘வயது லோடிங் 25 வீதம்’ 27,000 என்றும் இருந்தது. கிளைக்குப் போய் புதிய கட்டண அட்டவணையைக் காட்டச் சொன்னோம். 65 முதல் 69 வயது வரை 96,000. 70 முதல் 74 வரை 108,000. இப்போது கணக்கு தெளிந்துவிட்டது. அட்டவணையை எல்லாருக்கும் கூட்டியதால் 86,000 என்பது 96,000 ஆனது, அது 10,000. வயதுப் படி மாறியதால் 12,000. லோடிங் 27,000. மூன்றும் சேர்ந்து 49,000.

இந்த மூன்றுக்கும் மூன்று விதமான கேள்விகள். முதலாவதில் நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அளவுதான். இரண்டாவதில் உங்கள் வயதைச் சரியாகக் கணக்கிட்டார்களா என்று கேட்கலாம். மூன்றாவதில்தான் பெரிய ஓட்டை இருந்தது. லோடிங் என்பது சாதாரண ஆளைவிட உங்களுக்கு மட்டும் ஏதோ ஒரு ஆபத்து அதிகம் என்பதற்காக வைக்கும் கூடுதல். 70 வயதுக்கான விலையில் வயது ஏற்கனவே கணக்கில் எடுக்கப்பட்டுவிட்டது. அதன் மேல் மறுபடியும் ‘வயது லோடிங்’ என்றால் ஒரே வயதுக்கு இரண்டு முறை காசு. அது உண்மையில் நோய்க்கான லோடிங் என்றால் எந்த நோய், எந்த மருத்துவ அறிக்கை என்று சொல்ல வேண்டும்.

உங்கள் வயது என்ன?

சிரிப்பாக இருக்கும். ஆனால் மாஸ்டரின் விடயத்தில் கடிதத்தின் உயிரே இந்தக் கேள்விதான்.

அவர் பிறந்தது 1955 செப்டெம்பர். புதுப்பிக்கும் நாள் 2025 ஜூலை 1. அன்றைக்கு அவருக்குப் பூர்த்தியான வயது 69. பத்திரப் புத்தகத்தின் வரைவிலக்கணப் பகுதியில் ‘வயது என்பது காப்புறுதிக் காலம் தொடங்கும் நாளில் பூர்த்தியான வயது’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அலுவலகத்தில் யாரோ, அல்லது ஏதோ ஒரு கணினி, 2025இலிருந்து 1955ஐக் கழித்து 70 என்று போட்டுவிட்டது. அந்த ஒரு கழித்தலால் அடிப்படையில் 12,000 ரூபா கூடியது. 70 வயது பூர்த்தியானவர்களுக்கு மட்டும் என்று புத்தகம் சொல்லும் 20 வீத கோ-பேமன்டும் ஒரு வருடம் முந்தியே வந்துவிட்டது.

எல்லா நிறுவனமும் பூர்த்தியான வயதைப் பார்ப்பதில்லை. சில பத்திரங்களில் ‘அடுத்த பிறந்தநாளில் வரும் வயது’ என்று இருக்கும். அப்படி இருந்தால் மாஸ்டருக்கு 70 என்பது சரியே. வரைவிலக்கணத்தைப் படிக்காமல் பேனாவை எடுக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் பிறப்புச் சான்றிதழ்களை இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சிலரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டுமே. அடையாள அட்டையில் ஒரு திகதி, பிறப்புப் பதிவில் இன்னொரு திகதி, விண்ணப்பப் படிவத்தில் முகவர் அவசரத்தில் எழுதிய மூன்றாவது திகதி. ஒன்பது இலக்கப் பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பதையும் மறக்காதீர்கள். பத்திரத்தில் உள்ள திகதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் திருத்திவிடுவதே புத்தி. கிளைம் நேரத்தில் அது வெளியே வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு விளக்கம் எழுத வேண்டி வரும்.

கோ-பேமன்ட்: வீதத்தைவிட வரிசை முக்கியம்

20 வீதம் என்றால் 20 வீதம்தானே என்று நினைப்போம். எதில் 20 வீதம்?

ஒரு சத்திரசிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் 480,000 ரூபா பில் வருகிறது என்று வையுங்கள். அந்தச் சிகிச்சைக்குப் பத்திரத்தில் உள்ள உச்ச வரம்பு 300,000. முதலில் பில்லில் 20 வீதம் கழித்தால் 384,000 மிஞ்சும்; அது வரம்பைத் தாண்டுவதால் நிறுவனம் 300,000 முழுவதையும் தரும். முதலில் வரம்புக்குக் குறைத்து, பிறகு 20 வீதம் கழித்தால் கையில் வருவது 240,000. ஒரே பில், ஒரே வீதம், வித்தியாசம் 60,000 ரூபா. பல புத்தகங்களில் இந்த வரிசை தெளிவாக இல்லை. கிளைம் வந்த பிறகு கேட்டால் நிறுவனம் தனக்கு வசதியான வரிசையைச் சொல்லும். புதுப்பிக்கும் முன்னர் எழுத்தில் பதில் வாங்கி வைத்தால் அதுவே உங்கள் ஆதாரம்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியது. ஒவ்வொரு கிளைமிலும் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றால் நிறுவனத்தின் சுமை குறைகிறது. அந்தக் குறைவு பிரீமியத்தில் எங்கே? 70 வயதுப் படியின் 108,000 என்ற விலை கோ-பேமன்டைக் கணக்கில் எடுத்த பிறகு வந்ததா, அதற்கு முந்தியதா? நான் மேசைக்குப் பின்னால் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி வந்திருந்தால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்திராது. கடிதம் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான்.

கடிதம்

பெறுநர் முகவர் அல்ல. தலைமை அலுவலகத்தில் மருத்துவக் காப்புறுதிப் பிரிவின் பொறுப்பாளர். பிரதி கிளை முகாமையாளருக்கு. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே கையெழுத்திட வேண்டும். எங்கள் ஊர்களில் வெளிநாட்டில் உள்ள பிள்ளைதான் காசு கட்டுகிறது, சில வேளை பத்திரதாரரும் அந்தப் பிள்ளையே. அப்படியானால் தகப்பன் எழுதிய கடிதத்தை “நீங்கள் பத்திரதாரர் அல்ல” என்று திருப்பிவிடுவார்கள். பிள்ளை கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பட்டும், அல்லது தகப்பனுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம் தரட்டும்.

தமிழில் எழுதலாம். கொழும்பில் அதைப் படிப்பவர் மொழிபெயர்ப்புக்கு அனுப்பி நாளைக் கடத்தாமல் இருக்க ஓர் ஆங்கிலப் பிரதியையும் இணைத்தோம். மாஸ்டர் கணித ஆசிரியர், ஆங்கிலத்தை மகள் பார்த்துக்கொண்டாள். மாஸ்டர் எழுதியது ஏறத்தாழ இப்படி:

“பத்திர இலக்கம் ……. புதுப்பிக்கும் திகதி 01.07.2025. மேற்படி பத்திரத்தின் புதுப்பித்தல் நோட்டீஸ் தொடர்பாக எழுதுகிறேன்.

1. பத்திரத்தின் வரைவிலக்கணப்படி வயது என்பது காப்புறுதிக் காலம் தொடங்கும் நாளில் பூர்த்தியான வயது. நான் 1955 செப்டெம்பரில் பிறந்தேன். 01.07.2025இல் எனக்குப் பூர்த்தியான வயது 69. ஆனால் 70–74 படிக்கான 108,000 ரூபா அறவிடப்பட்டுள்ளது. 65–69 படிக்குரிய 96,000 ரூபாவாகத் திருத்தித் தரவும்.

2. 70 வயது பூர்த்தியானவர்களுக்கான 20 வீத கோ-பேமன்ட் இந்த வருடம் எனக்குப் பொருந்தாது. அதனை நீக்கி, திருத்திய நோட்டீஸ் தரவும்.

3. ‘வயது லோடிங் 25 வீதம்’ எந்த வாசகத்தின் அடிப்படையில் விதிக்கப்பட்டது? வயது கட்டண அட்டவணையிலேயே கணக்கிடப்பட்டுள்ளது. இது மருத்துவக் காரணத்துக்கான லோடிங் எனில் எந்தக் காரணம், எந்த அறிக்கை என்பதை அறியத் தரவும். எனது நீரிழிவு 2019ஆம் ஆண்டு விண்ணப்பத்திலேயே குறிப்பிடப்பட்டு, லோடிங் இன்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பின் மாறியது என்ன?

4. எதிர்காலத்தில் கோ-பேமன்ட் பொருந்தும்போது அது மொத்தப் பில்லிலா, வரம்புக்குக் குறைத்த தொகையிலா கணக்கிடப்படும்? 70–74 படியின் விலை கோ-பேமன்டைக் கணக்கில் கொண்டதா?

எனது காப்புறுதி இடைவெளியின்றித் தொடர வேண்டும் என்பதால், திருத்திய நோட்டீஸ் உரிய திகதிக்கு முன் கிடைக்காவிட்டால் கோரப்பட்ட தொகையைச் செலுத்துவேன். அது மேற்படி ஆட்சேபங்களைக் கைவிட்டதாகாது. மேலதிகத் தொகையைத் திருப்பித் தருமாறு கோரும் உரிமையுடன் செலுத்தப்படும்.”

அவ்வளவுதான். “நான் முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன்” என்று ஒரு வரி முதலில் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். மாஸ்டருக்கு மனமில்லை, ஆனாலும் எடுத்தார். நீரிழிவைப் பற்றிய வரியை எடுக்கலாமா என்று கேட்டார். அது கட்டாயம் இருக்க வேண்டும் என்றேன். காப்புறுதியில் உண்மையை மறைத்தால் பத்திரமே செல்லாமல் போகலாம். இங்கே உண்மை அவருக்குச் சாதகமாகவும் இருந்தது.

இன்னொன்று. இணையத்தில் தமிழில் தேடினால் வருவதெல்லாம் இந்தியத் தகவல். முதியோரின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 வீதத்துக்கு மேல் கூட்டுவதானால் முன்கூட்டியே தன்னோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று இந்தியாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் அங்குள்ள நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல விதிதான், ஆனால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம். அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் அதை மேற்கோள் காட்டி எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் மற்றக் கேள்விகளுக்குப் பதிலே சொல்லவில்லை.

அனுப்புவது, கட்டுவது

நோட்டீஸ் வந்த வாரமே அனுப்புங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. கிளைக்குக் கொடுக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியிலேயே ஒட்டிவிடுங்கள். சட்டைப் பையில் வைத்தால் சலவைக்குப் போய்விடும்.

கோபத்தில் கட்டாமல் விடுவதுதான் நான் கண்ட மிகப் பெரிய தவறு. பத்திரம் காலாவதியானால் திரும்ப எடுப்பது புதிய விண்ணப்பம். ஏற்கனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அல்லது அந்த வயதில் ஏற்கவே மாட்டார்கள். ஆகவே ஆட்சேபத்தோடு கட்டுங்கள். மாஸ்டருக்கு ஜூன் 27 வரை பதில் வரவில்லை. 28ஆம் திகதி வங்கியில் கட்டிவிட்டு, ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது’ என்று குறிப்பிட்டு, பற்றுச்சீட்டின் படத்தை அதே மின்னஞ்சல் தொடரில் அனுப்பினோம். கட்டிவிட்டீர்கள், ஆகவே ஏற்றுக்கொண்டீர்கள் என்று பின்னால் சொல்ல முடியாதபடி செய்வதற்குத்தான் இது.

பதிலும் அதற்கு மேலும்

ஜூலை மூன்றாம் வாரம் பதில் வந்தது. வயதுக் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். அடிப்படை 96,000 ஆனது, கோ-பேமன்ட் இந்த வருடத்துக்கு நீங்கியது. லோடிங்கை முழுதாக விடவில்லை. ‘வயது லோடிங்’ என்ற பெயர் தவறு, அது முந்திய வருடத்துக் கிளைமில் தெரிந்த நீரிழிவுச் சிக்கலுக்கானது என்று விளக்கி 15 வீதமாகக் குறைத்தார்கள். 96,000க்கு 14,400. ஆக 110,400. திரும்பி வந்தது 24,600 ரூபாவும் அதற்குரிய வரியும். 15 வீதம் நியாயமா என்று மாஸ்டர் இன்னும் முணுமுணுக்கிறார். என் கணிப்பில் அதற்கு மேல் இழுத்தால் காலம்தான் போகும். காரணம் சொன்னார்கள், அறிக்கையைக் காட்டினார்கள்.

பதிலே வராவிட்டால், அல்லது சொந்தப் புத்தகத்துக்கு முரணான பதில் வந்தால், நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவைக் கேளுங்கள். அதற்குப் பிறகே, நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நிறுவனத்திடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது அங்கே உள்ள முதல் நிபந்தனை. அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும், காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் கொழும்பில் இருக்கிறது.

ஆனால் எதை எடுத்துப் போகிறீர்கள் என்று பாருங்கள். ‘விலை அதிகம்’ என்ற முறைப்பாடு எங்கும் நிற்காது. விலை வைப்பது நிறுவனத்தின் வியாபார முடிவு. ‘பத்திரத்தில் பூர்த்தியான வயது என்று இருக்கிறது, நிறுவனம் வேறு வயதைப் போட்டது’ என்ற முறைப்பாடு நிற்கும். கோ-பேமன்டைப் பத்திரத்தில் இல்லாத வரிசையில் கழித்து ஒரு கிளைமைக் குறைத்தார்கள் என்பது இன்னும் வலுவாக நிற்கும்.

அடுத்த வருடம்

2026 ஜூலையில் மாஸ்டருக்கு 70 பூர்த்தியாகியிருக்கும். 108,000 படியும் 20 வீதமும் அப்போது சரியாகவே வரும். நாலாவது கேள்விக்கு நிறுவனம் பாதிப் பதில்தான் தந்தது. கோ-பேமன்ட் வரம்புக்குக் குறைத்த தொகையில் கணக்கிடப்படும் என்று எழுதினார்கள். விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதனால் அடுத்த கடிதம் வேறு விதமாக இருக்கும். கோ-பேமன்டை ஏற்கிறேன், பதிலுக்கு 15 வீத லோடிங்கை எடுத்துவிடுங்கள் என்று கேட்கப்போகிறார். 108,000க்கு 15 வீதம் 16,200. 20 வீத கோ-பேமன்டில் 16,200 ரூபாவை அவர் இழப்பது 81,000 ரூபா கிளைமில். அந்த வருடம் கிளைம் 81,000க்கு மேல் போனால், லோடிங் நீங்கினாலும் அவருக்கு நட்டம். அதற்குக் கீழே என்றால் லாபம். லோடிங்கையும் கோ-பேமன்டையும் சேர்த்து வைத்தால் அவருக்கு எந்தத் தொகையிலும் லாபமில்லை என்பதையும் அதே கணக்கில் காட்டலாம். நிறுவனம் சம்மதிக்குமா தெரியாது. சம்மதிக்காவிட்டால் காப்புறுதித் தொகையைக் குறைத்து எடுத்து, சாதாரண வருத்தங்களுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வரிசையில் நிற்பது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள்.

புதிய அட்டவணையை மே மாதமே கேட்டு வாங்க வேண்டும் என்று சுவர்க் கலண்டரில் எழுதியிருக்கிறார். சிவப்புப் பேனாவில்.